மொத்தம் சரி, பெயர் தப்பு

அந்தக் கடைக்காரர் மேசைமேல் வைத்தது ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. மடித்து மடித்துப் பர்ஸில் வைத்திருந்ததால் நாலாக விண்டுபோகும் நிலையில் இருந்தது. வசூலுக்கு வந்த பையன் எழுதிக் கொடுத்த ரசீது, ரொக்கம் 40,000 ரூபாய். கொங்குப் பக்கத்தில் மோட்டார் பம்பு, பைப்பு, ஒயர் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு நிறுவனத்துக்கு அவர் இருபது வருட வாடிக்கை. "பணம் கட்டி பத்து நாளாச்சுங்க. இன்னும் பாக்கின்னு போன் பண்ணிக் கேக்கறாங்க. அசிங்கமா இருக்குதுங்க" என்று முதலாளியிடம் நேரிலேயே வந்து சொல்லிவிட்டார்.

முதலாளி அன்று இரவே எனக்குப் போன் செய்தார். நான் ஆடிட்டர். வருடாந்திரத் தணிக்கை தவிர, பணம் கையாடப்பட்டதாகச் சந்தேகம் வரும் இடங்களில் தடயத் தணிக்கையும் செய்கிறேன். ஃபாரென்சிக் ஆடிட் என்று இப்போது பத்திரிகைகளில் அடிபடுகிற வேலை அது. அந்த நிறுவனத்தின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலை நடந்த முறையை மாற்றவில்லை.

முதலாளி அதற்குள் முடிவுக்கு வந்திருந்தார். "அந்த வசூல் பையன்தான் சார். போன மாசம்தான் புது பைக் எடுத்தான். காலைல ரூம்ல உக்கார வெச்சுக் கதவைச் சாத்தி நாலு கேள்வி கேட்டா எழுதிக் குடுத்துருவான்."

காலையில் அவரைக் கூப்பிடாதீர்கள், யாரையும் எதுவும் கேட்காதீர்கள், கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்காதீர்கள் என்று சொன்னேன். கதவைச் சாத்தி ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்தால் அதுவே முறையற்ற அடைத்துவைப்பு என்ற குற்றமாகிவிடும். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய வாக்குமூலத்தை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றம் ஏற்காது; 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 22-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பிரிவில் 'அதிகாரத்தில் இருப்பவர்' என்று வருகிறது. சம்பளம் கொடுக்கிற முதலாளியையும் நீதிமன்றம் அப்படிக் கருத இடமுண்டு. "ஒத்துக்கிட்டா போலீசுக்குப் போகமாட்டேன்" என்ற வார்த்தைகூட ஆசை காட்டுவதுதான். நல்லெண்ணத்தில் சொன்னாலும் கையில் கிடைத்த தாளை அது வெறும் தாளாக்கிவிடும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. யார் எடுத்தது என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

முதல் இரண்டு நாள் தானாக அழிந்துபோகிற தடயங்களைக் காப்பாற்றுவதில்தான் போனது. கடையில் எட்டு கேமராக்கள் இருந்தன. அந்தப் பதிவுப் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதும். பெரும்பாலான கடைகளில் பதினைந்து நாள், ஒரு மாதம்தான் படம் நிற்கிறது. இங்கே 18 நாள். ஒவ்வொரு நாள் தாமதமும் பின்னாலிருந்து ஒரு நாளைத் தின்றுவிடும் என்பதால் அதைத்தான் முதலில் எடுத்தோம். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைவிட ஏழு நிமிடம் பின்தங்கி ஓடியது. அதைத் திருத்தாமல், எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டும் எழுதி, அந்தத் திரையையும் பக்கத்தில் ஒரு போனின் கடிகாரத்தையும் சேர்த்துப் படம் எடுத்தோம். பிற்பாடு அந்த ஏழு நிமிடம் தேவைப்பட்டது.

அடுத்து கணக்குக் கம்ப்யூட்டர். சந்தேகம் வந்ததும் எல்லோரும் செய்கிற தவறு, தாங்களே உட்கார்ந்து ஃபைல் ஃபைலாகத் திறந்து பார்ப்பது. திறந்து பார்த்தாலே ஃபைல்களின் தேதிகள் மாறக்கூடும். அழித்த ஃபைல் இருந்த இடத்தில் புதிது எழுதப்பட்டால் பழையது போனது போனதுதான். அதோடு, "நீங்கதான் மாத்தி வெச்சிருக்கீங்க" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது பதில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறையில், அணைத்திருந்த கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, அதில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ஒரு சிறு கருவி வழியாக இணைத்து, கடைசி எழுத்துவரை அப்படியே நகல் எடுத்தார் எங்களோடு வந்த டிஜிட்டல் தடய நிபுணர். இரண்டு நகல்கள். மூல டிஸ்கை உறையிலிட்டு, முதலாளியும் நிபுணரும் நானும் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து நிறுவனத்தின் பெட்டகத்தில் வைத்தோம். கடை திங்கட்கிழமை ஓட வேண்டுமே. அதற்கு ஒரு நகலைப் புது டிஸ்கில் ஏற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். வேலைக்கு வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நகலும் மூலமும் ஒன்றுதான் என்பதை எப்படி நிரூபிப்பது? அதற்கு ஹாஷ் என்றொரு எண் இருக்கிறது. ஒரு ஃபைலில் உள்ள அத்தனை எழுத்தையும் கணக்குப் போட்டு 64 எழுத்து நீளத்தில் ஒரு முத்திரை கொடுக்கும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முழுக்க மாறிப்போகும். விண்டோஸிலேயே அதைப் பார்க்க ஒரு கட்டளை உண்டு:

```
certutil -hashfile D:\copy\accounts.dd SHA256
```

வந்த எண்ணை அங்கேயே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க வேண்டுமானால் அதே சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தர வேண்டும், மற்றதை நிபுணர். ஹாஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். பழைய சட்டத்தின் கீழேயே சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆறு மாதம் கழித்து இந்தச் சான்றிதழைத் தேடினால் கிடைக்காது. நகல் எடுக்கிற அன்றே அதற்கான விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாள்களுக்கும் அதே மரியாதைதான். மூன்று லைன் பையன்களின் ரசீதுப் புத்தகங்கள், அவற்றின் கார்பன் நகல்கள், தினசரி வசூல் தாள், வங்கியில் கட்டிய சலான்களின் அடிக்கட்டை எல்லாவற்றையும் எண்ணி, பட்டியலிட்டு, யாரிடமிருந்து யார் எப்போது வாங்கினார் என்று எழுதி எடுத்தோம். மூலத்தின் மேல் பேனா படக்கூடாது, ஸ்டேப்ளர் போடக்கூடாது. குறிப்பு எழுதுவதெல்லாம் ஜெராக்ஸில். இதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். என் அலுவலகத்திலேயே பழக்கதோஷத்தில் பச்சை மை டிக் போட்டுவிடுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

பணியாளர்களிடம் என்ன சொல்வது என்று முதலாளி கேட்டார். "ஜிஎஸ்டி ஆளுங்கன்னு சொல்லிறட்டுங்களா?" வேண்டாம் என்றேன். பொய் சொல்லித் தொடங்கினால் பிறகு அதே ஆட்களிடம் உண்மை சொல்லுங்கள் என்று கேட்க வாய் வராது. "வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கைச் சரிபார்க்க ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அது உண்மை. அதற்கு மேல் விஷயம் தெரிந்தவர்கள் முதலாளி, நிறுவனத்தின் வக்கீல், நான், என் உதவியாளர், நிபுணர் ஆகிய ஐந்து பேர்தான். கூட்டாளியான தம்பிக்குக்கூட அப்போது சொல்லவில்லை. அந்த முடிவு சரிதானா என்று முதலாளிக்குச் சங்கடமாக இருந்தது. கையாடலில் யார் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று தெரியாதவரை கல்லாவில் கை வைக்கக்கூடிய எல்லோரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

இனிதான் கணக்கு. நான் ஏற்கெனவே மூன்று வருடமாக அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு ரூபாய் உதைத்ததில்லை. பணம் போயிருக்கிறது, ஆனால் வங்கிக் கணக்கு ஒத்துப்போகிறது. எப்படி?

பெயர்களுக்குப் பதில் மேட்டுக்கடை, சந்தைக்கடை, கோயில்கடை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மேட்டுக்கடை 40,000 ரூபாய் ரொக்கம் தருகிறது. வசூலைக் கணக்கில் ஏற்றுகிறவர் அந்த 40,000-ஐ எடுத்துக்கொள்கிறார், கணக்கில் எழுதவில்லை. வியாழக்கிழமை சந்தைக்கடை 52,000-க்கு ஒரு செக் தருகிறது. செக்கைப் பாக்கெட்டில் போட முடியாது, அது வங்கிக்குப் போகிறது. ஆனால் கணக்கில் எழுதும்போது மேட்டுக்கடை 40,000, சந்தைக்கடை 12,000 என்று இரண்டாக உடைத்து எழுதிவிடுகிறார். கூட்டினால் 52,000. வங்கியிலும் 52,000. மேட்டுக்கடையின் பாக்கி தீர்ந்துபோனது, இனி அவர் சத்தம் போடமாட்டார். இப்போது 40,000 குறைவது சந்தைக்கடைக்கு. அதை அடுத்த வாரம் கோயில்கடையின் செக்கால் மூட வேண்டும். ஓட்டை அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு கடையாக இடம் மட்டும் மாறுகிறது. தினமும் மொத்தம் சரியாக இருக்கும். பெயர்தான் தப்பாக இருக்கும்.

இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. யார் பெயரில் எவ்வளவு எப்போது மூட வேண்டும் என்று தலையிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் வராமல் போய் வேறொருவர் கணக்கு எழுதினால் வண்டி கவிழ்ந்துவிடும். மேட்டுக்கடைக்காரர் கடைக்கு வந்ததும் அப்படித்தான்: கேஷியர் ஐந்து நாள் காய்ச்சலில் படுத்திருந்தார். பத்தொன்பது வருடமாக அங்கே வேலை பார்ப்பவர். எல்லோருக்கும் அண்ணன். பொங்கலுக்குக்கூடச் சரியாக லீவு எடுக்காதவர் என்று முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சந்தேகம் என்பது ஆதாரம் ஆகாது. காய்ச்சல் எல்லோருக்கும்தான் வருகிறது. வசூல் பையனே பணத்தைக் கொடுக்காமல் இருந்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. இரண்டில் எது என்று தாள்தான் சொல்ல வேண்டும்.

மூன்று பக்கத்திலிருந்து நெருங்கினோம். ஒன்று, வங்கியிலிருந்து ஒவ்வொரு செக்கின் படத்தையும் வாங்கி, அதில் யார் கையெழுத்து, கணக்கில் யார் பெயர் என்று வரிசையாகப் பார்த்தோம். சந்தைக்கடையின் செக் சந்தைக்கடை கணக்கில் முழுசாக ஏறவில்லை என்றால் அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு, கார்பன் நகல்களில் உள்ள தேதியையும் கணக்கில் ஏறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மற்ற லைன்களில் ஒரு நாள், இரண்டு நாள் தாமதம். ரொக்க ரசீதுகளில் மட்டும் எட்டு நாள், பதினொரு நாள், இருபது நாள். அதுவும் மூன்று பையன்களின் ரசீதிலும் அப்படித்தான். புது பைக் வாங்கியவர் ஒருவர் மட்டும் செய்திருந்தால் மற்ற இரண்டு பேரின் ரசீதும் ஏன் தாமதமாக வேண்டும்? மூன்று பேர் கையிலிருந்தும் பணம் போய்ச் சேர்கிற இடம் ஒன்றுதான்.

மூன்றாவது, கடைகளிடமே கேட்பது. 212 கடைகளுக்கும் கடிதம் போட்டோம். வழக்கமாக அனுப்பும் கடிதத்தில் "உங்கள் பாக்கி இவ்வளவு, சரிதானே?" என்று தொகையை அச்சடித்து அனுப்புவார்கள், பாதிப் பேர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் தொகையை எழுதவில்லை. உங்கள் பேரேட்டின்படி எவ்வளவு பாக்கி, கடைசியாக எப்போது எவ்வளவு கட்டினீர்கள் என்று நீங்களே எழுதுங்கள் என்று கேட்டு, பதிலை என் அலுவலக முகவரிக்குத் தபாலில் அனுப்பச் சொன்னோம். லைன் பையன்கள் கையில் கொடுத்து அனுப்பவில்லை. கடிதத்தில் கையாடல், சந்தேகம், விசாரணை என்று ஒரு வார்த்தை இல்லை. நிரூபிக்காத ஒன்றை 212 கடைகளுக்கு எழுதி அனுப்பினால், பிறகு யார் பெயர் அடிபட்டாலும் அது அவதூறு. 171 பதில் தபாலில் வந்தது. மீதிக்கு நேரில் போனோம்.

37 கடைகளில் நம் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் வித்தியாசம். மொத்தம் 9,86,400 ரூபாய். முதலாளி அந்த எண்ணைப் பார்த்ததும் அதையே பிடித்துக்கொண்டார். ஆனால் அதில் ஒன்பது கடைகளின் 1,12,400 ரூபாய் திருப்பி அனுப்பிய சரக்கும், தருவதாகச் சொல்லிக் கணக்கில் ஏற்றாத தள்ளுபடியும்தான். திருட்டே இல்லை. அதைக் கழித்தால் 28 கடைகள், 8,74,000. இந்த 28-க்கும் கார்பன் நகலைத் தேடினோம். 8,52,500-க்கு ரசீது கையில் வந்தது. மீதி 21,500 ஒரே கடை. கட்டிவிட்டேன் என்கிறார், ரசீதைத் தொலைத்துவிட்டார். வரிசை எண்ணைப் பார்த்தால் நம் புத்தகத்தில் அந்த ஒரு தாளே இல்லை. அடியில் கிழித்த சிலும்பு மட்டும் இருந்தது.

கம்ப்யூட்டர் என்ன சொன்னது? நிறுவனத்தின் டேலியில் திருத்தங்களைப் பதியும் வசதி, அதாவது எடிட் லாக், இயக்கத்தில் இருந்தது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் இப்படியொரு பதிவு கட்டாயம் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. இது கூட்டாண்மை நிறுவனம். அந்த விதி இதைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மென்பொருளைப் புதுப்பித்தபோது யாரோ அதை இயக்கி வைத்திருந்தார்கள். 64 வரவுகள் பிற்பாடு திருத்தப்பட்டிருந்தன. தொகையின் கூட்டு மாறவில்லை, பெயர் மாறியிருந்தது. பெரும்பாலும் இரவு 8.40-க்கு மேல்.

திருத்தியவர் பெயர் `admin`. அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றோம். அந்தப் பாஸ்வேர்டு பில் போடும் பெண்ணுக்கும் தெரியும், கம்ப்யூட்டர் ஆபரேட்டருக்கும் தெரியும், கேஷியருக்கும் தெரியும். இயந்திரம் சொல்வது எந்தப் பெயரில் நுழைந்தார்கள் என்பதைத்தான், எந்த மனிதர் என்பதை அல்ல. வருகைப் பதிவில் கைரேகை வைத்து வெளியேறிய நேரத்தைப் பார்த்தோம். பில் போடும் பெண் ஆறரைக்கு, ஆபரேட்டர் ஏழு மணிக்கு. கேமராவில் இருந்த 18 நாளில் இரண்டு திருத்தங்கள் நடந்திருந்தன. ஏழு நிமிடத்தைச் சரிசெய்து பார்த்தால் இரண்டு முறையும் அந்த நாற்காலியில் கேஷியர் உட்கார்ந்திருந்தார். மற்ற 62-க்குப் படம் இல்லை. இரண்டுக்குப் பார்த்தோம், மற்றவற்றுக்கு வருகைப் பதிவு மட்டுமே ஆதாரம் என்று அறிக்கையில் பிரித்துத்தான் எழுதினேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான், இருபதாவது நாள், பேச உட்கார்ந்தோம்.

விசாரணை முதலாளி அறையில் இல்லை, என் அலுவலக மாடியில். எட்டுப் பேரைக் கூப்பிட்டோம். அதில் நாலு பேரிடம் கேட்பதற்கு எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்த இரண்டு பெயர் பேசப்படும். எட்டுப் பேரும் ஏறக்குறைய அதே நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் யார்மேல் கண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார். கதவில் தாழ்ப்பாள் கிடையாது, வருகிறவரின் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில். பில் போடும் பெண் வந்தபோது என் அலுவலகத்துப் பெண் ஆடிட்டர் உட்கார்ந்தார். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்து அனுப்பினோம். யாருடைய சொந்தப் போனையும் கேட்டு வாங்கவில்லை. முதலாளி அதை எதிர்பார்த்தார், ஆனால் அது அவர்களுடைய உடைமை; விருப்பப்பட்டுக் காட்டினால் அதை எழுதி வாங்கிக்கொள்ளலாம், பறிக்க முடியாது.

ஒவ்வொருவரிடமும் முதலில் சொன்னது இதுதான்: நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நீங்கள் சொல்வதைத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் சொல்வோம். யாருக்குமே தெரியாது என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, நாளைக்கு நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் "பயப்படாதீங்க, வெளியவே போகாது" என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்லி வாங்கிய செய்தியைப் பிறகு பயன்படுத்தினால் சொன்னவருக்குத் துரோகம்.

வரிசையும் முக்கியம். விஷயத்திலிருந்து தூரத்தில் இருப்பவர் முதலில், நெருக்கமானவர் கடைசியில். கிட்டங்கி ஆள், பில் போடும் பெண், ஆபரேட்டர், பிறகு மூன்று லைன் பையன்கள். கேஷியர் கடைசி. கேள்வியும் "நீ கொடுத்தியா இல்லையா" என்று தொடங்காது. வசூலுக்குப் போன நாளில் காலையிலிருந்து ராத்திரிவரை என்ன நடக்கும், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். இந்தக் குறுக்கே பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

புது பைக் வாங்கிய பையனுக்கு இருபத்தாறு வயது. உட்கார்ந்ததும் கை நடுங்கியது. தண்ணீர் டம்ளரைத் தூக்கி வைக்கும்போது மேசையில் சிந்தியது. அவருடைய ஒரு ரசீதில் எண் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. கேட்டால் வார்த்தை குழறியது. முதலாளி அங்கே இருந்திருந்தால் அத்தோடு தீர்ப்பு எழுதியிருப்பார். ஆனால் கடைக்காரர் கையில் இருந்த வெள்ளைச் சீட்டிலும் அதே திருத்தம், அதே தொகை. எழுதும்போதே தப்பாக எழுதித் திருத்தியது. பைக்குக் கடன் தவணை கட்டிய வங்கிச் செய்திகளை அவராகவே காட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ராத்திரி லேட்டாயிட்டா அண்ணன் இருக்க மாட்டாருங்க சார். டிராயர்ல போட்டுட்டு, சீட்டு எழுதி வெச்சுட்டுப் போயிருவோம். அண்ணன் காலைல எடுத்துக்குவாரு. கையெழுத்தெல்லாம் வாங்கறதில்லீங்க."

அந்த வாக்கியம் எங்களுக்குச் சாதகம் இல்லை. பணம் கேஷியர் கைக்குப் போனது என்பதற்குக் கையெழுத்து இல்லை என்று அர்த்தம். ஆனாலும் அப்படியே எழுதினோம்.

எட்டாவதாகக் கேஷியர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, நிதானமான குரல். யாருக்கு நடுக்கம், யாருக்கு நிதானம் என்பதை வைத்து எதையும் தீர்மானிக்காதே என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த என் சீனியரை நினைத்துக்கொண்டேன். வசூல் எப்படிக் கணக்கில் ஏறும் என்று அவர் முழுசாகச் சொல்லி முடித்தார்: தானே எழுதுவேன், வேறு யாரும் வரவைத் திருத்தமாட்டார்கள், அன்றைக்கு வந்தது அன்றைக்கே ஏறிவிடும். அதற்குப் பிறகு மேட்டுக்கடை ரசீதையும் சந்தைக்கடை செக்கின் படத்தையும் கணக்குப் பக்கத்தையும் மேசையில் வைத்தேன். "இதுல எனக்குப் புரியாத ஒண்ணு இருக்கு. நீங்களே விளக்கிச் சொல்லுங்க" என்றேன். இரண்டாவது ஜோடி. மூன்றாவது ஜோடி. அவர் நெடுநேரம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்றார். கீழே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வரமாட்டார் என்று என் உதவியாளர் நினைத்தார். வந்தார்.

"ஆரம்பிச்சது நான் இல்லீங்க" என்றார். "சின்ன முதலாளி ஒரு நாள் அவசரமா அம்பதாயிரம் கேட்டாரு. வவுச்சர் அப்புறம் போட்டுக்கலாம், அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு. வந்த வசூல்ல இருந்து எடுத்துக் குடுத்தேன். அந்தப் பள்ளத்தை மூட அடுத்த கடைப் பணத்தைப் போட்டேன். மூணு தடவை அப்படி. அப்பதான் தெரிஞ்சுது, இப்படிப் பண்ணா யாருக்கும் தெரியாதுன்னு."

எடுத்தவர் எல்லோரும் இப்படி ஒரு கதை சொல்வார்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சொன்னால் அதைச் சரிபார்ப்பதும் எங்கள் வேலை. அவருடைய சிறு டைரியில் மூன்று தேதிகள் இருந்தன. கூட்டாளித் தம்பியை மறுநாள் தனியாகச் சந்தித்தோம். முதலில் மறுத்தார். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீதுகளில் இரண்டு, டைரித் தேதிக்கு அடுத்த நாள் தேதியில் இருந்தன. பிறகு மூன்றையும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். 1,50,000 ரூபாய். கேஷியர் எடுத்ததாக நாங்கள் எழுத இருந்த 8,52,500, அதனால் 7,02,500 ஆனது. அவரைக் கேட்காமலேயே போலீசுக்குப் போயிருந்தால், எடுக்காத ஒன்றரை லட்சத்துக்கும் ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் மீதி உண்மையையும் உடைத்திருப்பார்.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டினோம். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார், திருத்தி அங்கே சுருக்கொப்பம் வாங்கினோம். தொடங்கிய நேரம், இடையில் போன் பேசப் போன நேரம், முடிந்த நேரம் எல்லாம் தாளில் இருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. ஒரு நகலை அவருக்கே கொடுத்தோம்.

தடயத் தணிக்கை அத்தோடு நின்றுவிடுகிறது. குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை. என்ன நடந்தது, எதை வைத்துச் சொல்கிறோம் என்பது மட்டும்தான் அறிக்கை. வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, பதில் வாங்கி, தனியாக உள்விசாரணை நடத்த வேண்டும். அதுவரை இடைநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும். போலீசுக்குப் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவில் பணியாளர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 316(4), பொய்க் கணக்கு எழுதியதற்கு 344. இரண்டுக்கும் ஏழு ஆண்டுவரை தண்டனை. எந்த வழியில் போவது என்பது முதலாளியும் வக்கீலும் எடுத்த முடிவு. தம்பி கணக்கில் இருந்த 1,50,000-ஐ என்ன செய்வது என்பது அண்ணன் தம்பிக்குள் இன்னும் கடினமான பேச்சாக இருந்தது.

அறிக்கையைக் கையில் வாங்கிய முதலாளி, கிழிந்த தாளின் 21,500 ரூபாயைத் தனி வரியில் எழுதியிருப்பதைப் பார்த்து, "இதையும் அவர் கணக்குலயே சேத்துருங்க சார், வேற யாரு எடுத்திருக்கப் போறா" என்றார். அந்த ரசீதுப் புத்தகம் டிராயரில் கிடந்த நாட்களில் அதைத் தொடக்கூடியவர்கள் ஐந்து பேர். கேஷியரிடமும் கேட்டோம், அந்தத் தாள் மட்டும் தனக்குத் தெரியாது என்றார், மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்டவர். வரி அப்படியேதான் இருக்கிறது: கடைக்காரர் கட்டியதாகச் சொல்கிறார், ரசீது இல்லை, தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது, கிழித்தவர் யார் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. கடைக்காரரின் பாக்கியில் அந்தத் தொகையை முதலாளி பிறகு தானாகவே கழித்துவிட்டார்.